ஆறு முகங்களின் சுமை: புள்ளி ஒளிகளுக்கான கனசதுர நிழல் வரைபடங்கள்

கணினி வரைகலையில் நிழலைக் கணக்கிட இன்று பெரிதும் கையாளப்படுவது, 1978-இல் லான்ஸ் வில்லியம்ஸ் முன்வைத்த நிழல் வரைபட முறையாகும். ஒளி இருக்கும் இடத்திலிருந்து காட்சியை ஒருமுறை வரைந்து, ஒவ்வொரு திசையிலும் ஒளிக்கு மிக அருகில் உள்ள பரப்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை மட்டும் ஒரு படத்தில் பதித்துக்கொண்டு, பின்னர் கேமராவின் இடத்திலிருந்து வரையும்போது ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும் அந்தப் பதிவோடு ஒப்பிடுவதே இம்முறையின் சாரம். பதிவில் உள்ளதைவிடப் புள்ளி தள்ளி இருந்தால், இடையில் ஏதோ ஒரு பொருள் ஒளியை மறைக்கிறது. அப்புள்ளி நிழலில் இருக்கிறது.

சூரியனைப் போன்ற இணைகதிர் ஒளிக்கும், ஒரு திசையில் மட்டும் விரியும் குவியொளிக்கும் இவ்வாறு ஒரு படம் வரைந்தால் அடிப்படைத் தேவை நிறைவேறிவிடும். எல்லாத் திசைகளிலும் ஒளி வீசும் விளக்கை, அதாவது புள்ளி ஒளியை, ஒரே தட்டையான படத்துக்குள் அடக்க முடியாது. ஏனெனில் தட்டையான தூரத்தோற்ற வீழல் எதுவும் 180 பாகையை எட்ட இயலாது. ஆகவே விளக்கைச் சுற்றி ஒரு கனசதுரம் இருப்பதாகக் கொண்டு, அதன் ஆறு முகங்களின் வழியே 90 பாகை அகலத்தில் ஆறு படங்கள் வரையப்படுகின்றன. 1999-இல் வந்த ஜீஃபோர்ஸ் 256 முதலாகக் கனசதுர டெக்ஸ்சரை வன்பொருளே புரிந்துகொள்ளத் தொடங்கியது. ஒரு திசையைக் கொடுத்தால் அது எந்த முகத்தில் எந்த இடத்தில் விழுகிறது என்பதை அதுவே கண்டுகொள்கிறது. 2004-இல் வெளிவந்த ‘ஜிபியூ ஜெம்ஸ்’ தொகுப்பில் ஃபிலிப் கெராசிமோவ் எழுதிய அத்தியாயம் இந்த ஏற்பாட்டை நிழலுக்குப் பயன்படுத்தும் வழியைத் தெளிவாக வகுத்தது.

அன்று முதல் இன்றுவரை இம்முறைமேல் வைக்கப்படும் குறை ஒன்றே: ஒரு விளக்குக்கு ஆறு முறை காட்சியை வரைய வேண்டியிருக்கிறது. இக்குறையைப் போக்கப் பல வழிகள் முன்மொழியப்பட்டுள்ளன. அவற்றை ஆராயும்போது, செலவு பெரும்பாலும் ஆறு என்ற எண்ணிக்கையில் இல்லை என்பதும், ஒரு முகத்தில் விழாத பொருளை அதில் வரைவதும், மாறாத பொருளை ஒவ்வொரு ஃபிரேமிலும் மீண்டும் வரைவதுமே செலவின் பெரும்பகுதி என்பதும் புலப்படும். இதை ஒரு குறிப்பிட்ட காட்சியைக் கொண்டு படிப்படியாக நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

செலவு எங்கே விழுகிறது

ஆய்வுக்காக ஒரு கூடத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதன் நடுவே, தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில், கூரைக்கு 30 சென்டிமீட்டர் கீழே ஒரு விளக்கு தொங்குகிறது; அதன் ஒளி 10 மீட்டர் வரை எட்டுகிறது. அந்த எல்லைக்குள் நாற்காலி, தூண், பானை, மனிதர் என 300 பொருள்கள் இருக்கின்றன. பொருள் ஒன்றுக்குச் சராசரி 800 முக்கோணங்கள் என்று கொண்டால் மொத்தம் 2,40,000 முக்கோணங்கள். பொருள்களில் 8 மட்டும் அசையும் மனிதர்கள். மற்ற 292 பொருள்களும் இடம் மாறாதவை. முகம் ஒன்றுக்கு 512 × 512 டெக்செல்கள், டெக்செல் ஒன்றுக்கு 16 பிட் ஆழம் என்ற அளவில் வரைபடம் முழுவதும் 3 மெகாபைட் இடம் கொள்ளும்.

எந்தச் சிக்கனமும் இல்லாமல் ஆறு முகங்களுக்கும் எல்லாப் பொருள்களையும் அனுப்பினால், ஒரு ஃபிரேமில் இந்த ஒரு விளக்குக்கு மட்டும் 1,800 வரைவு ஆணைகளும் 14,40,000 முக்கோணங்களும் தேவைப்படும். இச்செலவை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, ஆணைகளைத் தயாரித்து அனுப்பும் மையச் செயலியின் வேலை. இரண்டாவது, ஒவ்வொரு முக்கோணத்தின் முனைகளையும் விளக்கின் பார்வைக்கு மாற்றும் வெர்டெக்ஸ் ஷேடரின் வேலை. மூன்றாவது, முக்கோணங்களுக்குள் அடங்கும் டெக்செல்களில் ஆழத்தைச் சோதித்து எழுதும் வேலை.

இவற்றுள் மூன்றாவது ஆறு மடங்கு ஆவதில்லை. ஒரு நாற்காலி கிழக்கு முகத்தில் மட்டும் விழுந்தால், மற்ற ஐந்து முகங்களிலும் அதன் முக்கோணங்கள் எல்லைக்கு வெளியே இருப்பதால் டெக்செல்களைத் தொடாமலே தள்ளப்படுகின்றன. ஆனால் அவ்வாறு தள்ளப்படுவது முனைகள் மாற்றப்பட்ட பிறகுதான் என்பதால், முதல் இரண்டு செலவுகளும் உண்மையிலேயே ஆறு மடங்காகின்றன, அவற்றின் பெரும்பகுதி எந்தப் பயனையும் தராமல் போகிறது. எலும்புக்கூட்டு அசைவு உள்ள மனித உருவங்களில் இந்த வீண் இன்னும் கூடுதல். ஒவ்வொரு முனையையும் பல எலும்புகளின் நகர்வுக்கேற்ப இடம்பெயர்க்கும் கணக்கு முகந்தோறும் திரும்பச் செய்யப்படுகிறது. ஆகவே அக்கணக்கை ஃபிரேமுக்கு ஒருமுறை கம்ப்யூட் ஷேடரில் முடித்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு, எல்லா வரைசுற்றுகளும் அதையே படிக்கும்படி செய்வது நல்லது.

பொருளுக்கு உரிய முகங்களைக் கண்டறிதல்

வீணைக் குறைக்கும் முதல் வழி, ஒவ்வொரு பொருளும் எந்தெந்த முகங்களில் விழக்கூடும் என்பதை வரைவதற்கு முன்பே கண்டறிவது. கனசதுரத்தின் வடிவம் இதற்கு மிகவும் இசைவாக இருக்கிறது. விளக்கை மையமாகக் கொண்டால், ஒவ்வொரு முகத்தின் பட்டைக்கூம்பையும் சூழும் நான்கு பக்கத் தளங்களும் அச்சுகளுக்கு 45 பாகையில் சாய்ந்தவை. +X முகத்துக்குள் ஒரு புள்ளி இருக்க வேண்டுமெனில் அதன் x மதிப்பு, y, z ஆகியவற்றின் முழு அளவுகளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பொருளைச் சுற்றி r ஆரமுள்ள ஒரு கோளத்தை எண்ணிக்கொண்டால், அத்தளங்களின் சாய்வு காரணமாக r-ஐ √2-ஆல் பெருக்கிக் கிடைக்கும் விளிம்பை அந்த ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்வதே போதுமானது.

```glsl
uint faceMask(vec3 c, float r) {   // c = centre - lightPos
    float s = r * 1.41421356;
    vec3 a = abs(c);
    float yz = max(a.y, a.z), xz = max(a.x, a.z), xy = max(a.x, a.y);
    uint m = 0u;
    if ( c.x + s > yz) m |= 1u;    // +X
    if (-c.x + s > yz) m |= 2u;    // -X
    if ( c.y + s > xz) m |= 4u;    // +Y
    if (-c.y + s > xz) m |= 8u;    // -Y
    if ( c.z + s > xy) m |= 16u;   // +Z
    if (-c.z + s > xy) m |= 32u;   // -Z
    return m;
}
```

இச்சோதனை சில வேளைகளில் தேவையற்ற ஒரு முகத்தையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். தேவையான முகத்தை ஒருபோதும் விடாது. நிழலைப் பொறுத்தவரை இதுவே பாதுகாப்பான பிழை.

கூடத்துப் பொருள்களில் 240 பொருள்கள் ஒரே முகத்திலும், 46 பொருள்கள் இரண்டு முகங்களின் எல்லையிலும், 12 பொருள்கள் மூன்று முகங்கள் சந்திக்கும் மூலைகளிலும் விழுகின்றன என்றும், தரையும் கூரையும் மட்டும் ஐந்தைந்து முகங்களைத் தொடுகின்றன என்றும் கொண்டால், தேவைப்படும் வரைவுகளின் எண்ணிக்கை 240 + 92 + 36 + 10 = 378 ஆகும். 1,800 என்பது 378 ஆகக் குறையும்போது, ஆறு மடங்கு என்று அஞ்சப்பட்ட செலவு ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காகச் சுருங்குகிறது. முகங்களின் எண்ணிக்கை மாறாமலே இது நிகழ்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

இக்கணக்கு பொருள்களின் அளவைப் பொறுத்தது. கட்டடம் முழுவதையும் ஒரே கண்ணியாக வைத்திருக்கும் காட்சியில் அந்த ஒரு பொருள் ஆறு முகங்களிலும் விழும், சோதனையால் பயன் ஏதும் விளையாது. பெரிய கண்ணிகளைச் சில மீட்டர் அகலமுள்ள துண்டுகளாகப் பிரித்துவைத்தால்தான் இவ்வழி பலன் தரும். துண்டுகள் மிகச் சிறிதானால் ஆணைகளின் எண்ணிக்கை கூடிவிடும் என்பதால் இதற்கும் ஓர் அளவு உண்டு.

கேமராவுக்குத் தேவைப்படாத முகங்கள்

அடுத்த சிக்கனம் முகங்களையே முழுமையாக விடுவது. கேமராவின் பார்வைக்குள் இருக்கும் ஒரு புள்ளியின் நிழலைச் சோதிக்க, அப்புள்ளி எந்த முகத்தின் பட்டைக்கூம்புக்குள் இருக்கிறதோ அந்த முகம் மட்டுமே படிக்கப்படுகிறது. எனவே கேமராவின் பார்வைப் புலமும் ஒரு முகத்தின் பட்டைக்கூம்பும் எங்கும் சந்திக்கவில்லையென்றால், அந்த முகத்தை வரையாமல் விட்டாலும் படத்தில் எந்த மாற்றமும் இராது.

கூடத்தில் விளக்குக்கு நேர் கீழே, 1.6 மீட்டர் உயரத்தில், கேமரா +X திசையைக் கிடைமட்டமாகப் பார்க்கிறது என்றும், அதன் பார்வை கிடையாக 60 பாகையும் நெடுக்காக 36 பாகையும் விரிந்தது என்றும் கொள்க. பின்னால் இருக்கும் −X முகம் தேவையில்லை. பக்கவாட்டில் பார்வை 30 பாகைக்கு மேல் விரியாததாலும், ±Z முகங்கள் 45 பாகைக்கு அப்பால்தான் தொடங்குவதாலும் அவையும் தேவையில்லை. மேல்முகத்தின் பட்டைக்கூம்புக்குள் விளக்குக்கு நேர் மேலே உள்ள சிறு கூரைப்பகுதி மட்டுமே இருக்கிறது. பார்வையின் மேல்விளிம்பு அதை எட்டாது. எஞ்சுவன +X முகமும், கேமராவுக்கு முன்னே ஏறத்தாழ 2 மீட்டர் வரை பயன்படும் கீழ்முகமும் ஆகிய இரண்டே.

ஆனால் இந்த ஆதாயம் நிலையானதன்று. கேமரா 45 பாகை திரும்பினால் மூன்று முகங்கள் தேவைப்படும். கூடத்தின் ஓரத்துக்குச் சென்று விளக்கை நோக்கி நின்றால் ஆறு முகங்களுமே தேவைப்படலாம். ஆகவே இது சராசரிச் செலவைக் குறைக்கிறதே தவிர, மிக மோசமான ஃபிரேமின் செலவைக் குறைப்பதில்லை. ஃபிரேமுக்கான நேர ஒதுக்கீட்டைத் திட்டமிடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கே அடிக்கடி நேரும் பிழை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். கேமராவின் பார்வைக்கு வெளியே இருக்கும் முகத்தை விடலாம். பார்வைக்கு வெளியே இருக்கும் பொருளை விடக் கூடாது. பார்வைக்குள் இருக்கும் சுவரின் மேல், பார்வைக்கு வெளியே விளக்கின் அருகில் நிற்கும் தூண் நிழல் வீழ்த்தலாம். கேமராவைத் திருப்பும்போது ஒரு நிழல் சட்டென்று மறைந்து, மீண்டும் திருப்பும்போது தோன்றினால், முதன்மைக் காட்சிக்காகத் தயாரித்த பொருள் பட்டியலையே நிழல் வரைவுக்கும் பயன்படுத்திவிட்டார்கள் என்று உறுதியாகக் கொள்ளலாம்.

ஆறு சுற்றுகளை ஒன்றாக்குதல்

சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் முயற்சி டைரக்ட்3டி 10 கொண்டுவந்த ஜியோமெட்ரி ஷேடருடன் தொடங்கியது. வெர்டெக்ஸ் ஷேடருக்குப் பின் முழு முக்கோணத்தையும் பெற்று, அதற்குப் பதிலாகப் பல முக்கோணங்களை வெளியிடவும், ஒவ்வொன்றும் கனசதுரத்தின் எந்த முகத்துக்குச் செல்ல வேண்டும் என்று குறிக்கவும் இந்த ஷேடரால் முடியும், ஓப்பன்ஜிஎல் 3.2-இல் அக்குறிப்பு `gl_Layer` என்ற மாறியில் எழுதப்படுகிறது. ஒரே வரைவு ஆணையில் ஆறு முகங்களும் நிரம்பிவிடுவதால், ஆணைகளின் செலவு நேரடியாக ஆறில் ஒன்றாகிறது.

எனினும் பல வரைகலைச் செயலிகளில் இம்முறை எதிர்பார்த்த வேகத்தைத் தரவில்லை. ஜியோமெட்ரி ஷேடரின் வெளியீடு முக்கோணத்துக்கு முக்கோணம் எண்ணிக்கையில் மாறக்கூடியது. அதே வேளையில் முக்கோணங்களின் வரிசை குலையக் கூடாது என்பது விதி. ஆறு முகங்களுக்கும் மும்மூன்று முனைகள் என 18 முனைகளுக்கான இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி, வரிசையைக் காத்து வெளியிட வேண்டியிருப்பதால், செயலியின் இணைத்திறன் தேங்குகிறது. ஓப்பன்ஜிஎல் 4.0-இல் வந்த `layout(triangles, invocations = 6) in;` என்ற அறிவிப்பு, ஆறு முகங்களுக்கும் ஆறு தனி இயக்கங்களாக ஷேடரைப் பிரித்து ஓரளவு சுமையைத் தணித்தது. முக்கோணம் முகத்துக்கு வெளியே இருக்கிறதா என்று ஷேடருக்குள்ளேயே சோதித்து வெளியிடாமல் விடுவதும் உதவும். ஆனாலும் மைய இடர் அப்படியே நிற்கிறது: ஒவ்வொரு முக்கோணமும் ஆறு முகங்களுக்காகவும் பரிசீலிக்கப்படுகிறது.

இதைவிட மேலான வழி, ஜியோமெட்ரி ஷேடரை விலக்கி, வெர்டெக்ஸ் ஷேடரே முகத்தைக் குறிக்கும்படி செய்வது. 2015-இல் வெளியான `ARB_shader_viewport_layer_array` நீட்சியும், வல்கன் 1.2-இன் `shaderOutputLayer` வசதியும் இதற்கு இடமளிக்கின்றன. முன்னர்க் கண்ட முகச் சோதனையை ஒரு கம்ப்யூட் ஷேடரில் எல்லாப் பொருள்களுக்கும் இயக்கி, பொருளும் முகமும் சேர்ந்த இணைகளின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கலாம். பிறகு அந்த இணைகளை வடிவத்துக்கு ஒரு தொகுதியாக, நிகழ்வு வரைவாக, நினைவகத்திலிருந்தே படிக்கப்படும் மறைமுக ஆணைகளால் வரையலாம். கூடத்துக் காட்சியில் பட்டியலில் 378 இணைகள் இருக்கும். செயலி அந்த 378 வரைவுகளையே செய்யும், மையச் செயலியோ ஒரு சில ஆணைகளோடு விலகிக்கொள்ளும். வேலையைக் குறைப்பதும் சுற்றுகளை இணைப்பதும் இங்கே ஒன்றாக நிறைவேறுகின்றன.

வல்கன் 1.1-இல் முதன்மை விவரக்குறிப்பில் சேர்ந்த பலபார்வை வசதியும், அதாவது `VK_KHR_multiview`, இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அவ்வசதி உள்ள ஒவ்வொரு கருவியும் குறைந்தது 6 பார்வைகளையேனும் ஆதரிக்க வேண்டும் என்று விதி இருப்பதால், கனசதுரம் முழுவதும் ஒரே சுற்றில் அடங்கும். எழுதுவதற்கு எளிதான இவ்வசதி, அனுப்பும் ஒவ்வொரு பொருளையும் சுற்றுக்கு வகுத்த எல்லாப் பார்வைகளுக்கும் வரைகிறது. பொருளுக்குத் தனித்தனியாக முகங்களைத் தேர்ந்தெடுக்க அதில் இடமில்லை. பொருள்கள் குறைவாகவும் ஆணைச் செலவு மிகுதியாகவும் உள்ள காட்சிகளுக்கு அது பொருந்தும். முக்கோணங்கள் மிகுந்த காட்சிக்குப் பொருந்தாது.

முகங்களின் எண்ணிக்கையைக் குறைத்தல்

ஆறு முகங்களே வேண்டாம் என்ற திசையில் இரண்டு முயற்சிகள் குறிப்பிடத்தக்கவை. 2002-இல் ஸ்டெஃபான் பிராபெக், தாமஸ் அன்னென், ஹான்ஸ்-பீட்டர் சைடெல் ஆகியோர் முன்வைத்த இரட்டைப் பரவளைய முறை, வெளியை இரண்டு அரைக்கோளங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு படத்தில் அடக்குகிறது. சுற்றுகள் இரண்டாகக் குறைகின்றன. ஆனால் பரவளைய வீழலில் நேர்கோடு வளைகோடாக மாற வேண்டும். செயலியோ முனைகளை மட்டும் சரியாக இடம் மாற்றி, அவற்றை நேர்கோட்டால் இணைக்கிறது. பெரிய முக்கோணங்களால் ஆன சுவரும் தரையும் இதனால் தவறான ஆழத்தைப் பெறுகின்றன. நிழல் தன் பொருளை விட்டு விலகி நிற்பதையோ, நேரான விளிம்புள்ள நிழல் வளைந்து தோன்றுவதையோ கண்டால் இதுவே காரணம். கண்ணிகளைப் பொடியாகப் பிரித்தால் பிழை குறையும். ஆனால் சுற்றுகளில் மிச்சமானது முக்கோணங்களில் செலவாகிவிடும்.

2010-இல் ‘ஜிபியூ ப்ரோ’ தொகுப்பில் ஹங்-சியென் லியாவோ விளக்கிய நான்முகி முறையில் சுற்றுகள் நான்கு. வீழல் தட்டையானதாகவே இருப்பதால் நேர்கோடுகள் நேராகவே நிற்கின்றன. இங்கே விலை வேறு வடிவில் வருகிறது. கனசதுரத்தில் முகத்தின் மூலை, முகத்தின் மையத்தைவிட √3 மடங்கு தொலைவில் இருக்கிறது. அதனால் மூலையிலுள்ள டெக்செல், மையத்திலுள்ள டெக்செல் காணும் திண்மக் கோணத்தில் 5.2-இல் ஒரு பங்கையே காண்கிறது. நான்முகியில் மூலை மையத்தைவிட 3 மடங்கு தொலைவில் இருப்பதால் அந்த வேறுபாடு 27 மடங்காகிறது. அதாவது மூலைகளில் டெக்செல்கள் தேவைக்கு மேல் குவிந்து கிடக்க, முக மையங்களில் நிழலின் கூர்மை குறைகிறது. அதைச் சரிக்கட்டப் படத்தின் அளவைக் கூட்ட நேர்கிறது. முக்கோண வடிவ முகத்தைச் சதுரப் படத்தில் வைக்கக் கூடுதல் வெட்டுத் தளங்களும் தேவை.

பொருளுக்கு உரிய முகங்களை முன்கூட்டியே கண்டறியும் காட்சியில் இவ்விரு முறைகளும் தரும் ஆதாயம் சிறிதே. 300 பொருள்களுக்கு 378 வரைவுகள் என்ற நிலையில், முகங்களை நான்காகவோ இரண்டாகவோ குறைத்தாலும் 300-க்குக் கீழே இறங்க வழியில்லை.

மாறாததை மீண்டும் வரையாமை

300-க்குக் கீழே இறங்க வேண்டுமானால் காலத்தின் பக்கம் திரும்ப வேண்டும். கூடத்தின் 300 பொருள்களில் 292 பொருள்கள் அசைவதில்லை; விளக்கும் அசைவதில்லை. அசையாப் பொருள்களை மட்டும் ஒருமுறை வரைந்து ஒரு தனி வரைபடத்தில் சேமித்துவைத்து, ஃபிரேம்தோறும் தேவையான முகத்தை அதிலிருந்து படியெடுத்து, அதன்மேல் அசையும் பொருள்களை மட்டும் வரைவது இம்முறை. எட்டு மனிதர்கள் மூன்று முகங்களில் பத்து இணைகளாக விழுந்தால், அந்த ஃபிரேமின் வேலை 10 வரைவுகளும், முகம் ஒன்றுக்கு 512 கிலோபைட் வீதம் மூன்று படியெடுப்புகளும் மட்டுமே. மனிதர் எவரும் இல்லாத முகங்களில் முந்தைய ஃபிரேமின் பதிவே செல்லும். ஒருவர் முகத்தை விட்டு நீங்கிய ஃபிரேமில் மட்டும் அதை மீண்டும் படியெடுத்துத் துப்புரவாக்க வேண்டும்.

2016-இல் வெளிவந்த ‘டூம்’ விளையாட்டின் வரைகலை அமைப்பை அதே ஆண்டு சிக்ராஃப் மாநாட்டில் டியாகோ சௌசாவும் ஜான் ஜெஃப்ராய்யும் விளக்கியபோது, இவ்வழியை நடைமுறையில் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லலாம் என்பது தெளிவாயிற்று. அதில் எல்லா விளக்குகளின் நிழல்களும் ஒரே பெரிய படத்தில், கணினியில் 8,192 × 8,192 டெக்செல் வரை, இடம் ஒதுக்கிப் பதிக்கப்பட்டன. தொலைவிலுள்ள விளக்குக்குச் சிறிய இடமும் அரிதான புதுப்பிப்பும் தரப்பட்டன. அசையாப் பொருள்களின் பதிவு சேமிக்கப்பட்டு, அசைவன அதன்மேல் சேர்க்கப்பட்டன. விளக்கின் நிறமும் பிரகாசமும் ஆழத்தைப் பாதிப்பதில்லை என்பதால், மினுக்கும் விளக்கும் தன் சேமிப்பை இழப்பதில்லை.

இச்சிந்தனையின் அடுத்த கட்டம் மெய்நிகர் நிழல் வரைபடம். ஓலா ஓல்சனும் அவருடைய குழுவினரும் 2014-இல் பல நூறு விளக்குகளுக்கு இதைச் செய்துகாட்டினர். அன்ரியல் எஞ்சின் 5 இதைப் பரவலான பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அதில் கனசதுரத்தின் ஒவ்வொரு முகமும் பெயரளவில் 16,384 டெக்செல் அகலமுள்ளது. ஆனால் அது 128 × 128 பக்கங்களாகப் பிரிக்கப்பட்டு, கேமராவில் தெரியும் புள்ளிகள் உண்மையில் கேட்கும் பக்கங்கள் மட்டுமே ஒதுக்கப்பட்டு வரையப்படுகின்றன, மாறாத பக்கங்கள் அடுத்த ஃபிரேமுக்கும் வைத்துக்கொள்ளப்படுகின்றன. முகத்தை விடுவது, மாறாததைச் சேமிப்பது என்னும் இரண்டு சிக்கனங்களும் முகம் என்ற பெரிய அலகிலிருந்து பக்கம் என்ற சிறிய அலகுக்கு இறங்கியிருக்கின்றன.

சேமிப்பு முறைக்கு உரிய நோய், பழைய பதிவு நீங்காமல் தங்குவது. திறந்த கதவின் நிழல் மூடிய நிலையிலேயே சுவரில் நிற்பதும், அகற்றப்பட்ட பெட்டியின் நிழல் தரையில் தொடர்வதும் அதன் அறிகுறிகள். கேமராவுக்குத் தேவையில்லை என்று விடப்பட்ட முகத்தை ‘புதுப்பிக்கப்படாதது’ என்று குறித்துவைக்காவிட்டால், கேமரா திரும்பும் கணத்தில் இதே பிழை ஒரு ஃபிரேமுக்குத் தலைகாட்டும். நகரும் விளக்குக்கு இம்முறை எதையும் தராது. அதற்கு முகச் சோதனையும் இணைப் பட்டியலுமே துணை.

ஆழத்தை எழுதும் முறையும் விளிம்புகளும்

சுற்றுக்குள் நிகழும் மூன்றாவது செலவையும் கவனமின்றிப் பெருக்கிவிட முடியும். தொடக்கக்காலச் செயலாக்கங்கள் பலவும் விளக்கிலிருந்து புள்ளிவரையான நேர்த்தொலைவை, ஒன்று நிறப் படத்தில் எழுதின, அல்லது `gl_FragDepth` வழியே ஆழமாக எழுதின. முதலாவது நினைவகப் போக்குவரத்தைக் கூட்டுகிறது. இரண்டாவது, ஷேடர் முடியும்வரை ஆழம் தெரியாததால், மறைந்த டெக்செல்களை முன்கூட்டியே தள்ளும் வன்பொருள் வசதியை முடக்குகிறது. இரண்டுமே தேவையில்லை. ஃபிராக்மென்ட் ஷேடரே இல்லாமல் வன்பொருளின் இயல்பான ஆழத்தை மட்டும் பதியவிட்டு, படிக்கும்போது அதற்கு இணையான மதிப்பைத் திசையிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். ஏனெனில் முகத்தின் அச்சு நெடுகிலான தொலைவு என்பது மூன்று கூறுகளில் மிகப் பெரியதேயாகும்.

```glsl
vec3  a = abs(v);                       // v = point - lightPos
float z = max(a.x, max(a.y, a.z));
float d = f/(f-n) - (f*n)/((f-n)*z);    // depth range 0..1
float lit = texture(shadowCube, vec4(v, d - bias));
```

இதில் n என்பது அண்மைத் தளத்தின் தொலைவு, f என்பது சேய்மைத் தளத்தின் தொலைவு. கூடத்து விளக்குக்கு n = 0.1, f = 10 மீட்டர் என்று வைத்தால், 16 பிட் ஆழத்தின் ஒரு படி 5 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டருக்கும், 10 மீட்டரில் 15 மில்லிமீட்டருக்கும் சமம்; நிழலுக்கு இது போதும். அண்மைத் தளத்தை 0.01 என்று குறைத்துவிட்டால் அதே 10 மீட்டரில் ஒரு படி 15 சென்டிமீட்டராகப் பெருத்து, சுவரெங்கும் வரிவரியான பொய்நிழல் தோன்றும். அப்போது 32 பிட்டுக்கு மாறி நினைவகத்தை இரட்டிப்பாக்குவதற்கு முன், அண்மைத் தளத்தைச் சற்றே தள்ளிப் பார்ப்பது நல்லது.

முகங்கள் கனசதுர டெக்ஸ்சராக அல்லாமல் பெரிய படத்தின் தனித்தனிச் சதுரங்களாக இருக்கும்போது, நிழல் விளிம்பை மென்மையாக்க அண்டை டெக்செல்களைப் படிக்கும் வடிகட்டி, சதுரத்தின் ஓரத்தில் தொடர்பற்ற வேறொரு முகத்துக்குள் கால் வைத்துவிடும். விளக்கிலிருந்து 45 பாகைச் சாய்வில் சுவரிலும் தரையிலும் மெல்லிய நேர்கோடு ஒன்று தெரிந்தால் அது இப்பிழையே. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு நிறம் கொடுத்துக் காட்சியை வரைந்தால், அந்தக் கோடு நிறங்களின் எல்லையோடு பொருந்துவதைக் காணலாம். 512 அகல முகத்தின் நான்கு ஓரங்களிலும் 4 டெக்செல் விளிம்பு விட்டு, பார்வையை 90 பாகைக்குப் பதிலாக 90.9 பாகையாக விரித்து வரைந்தால் இது நீங்கும். அப்போது பொருளுக்கான முகச் சோதனையிலும் அந்தக் கூடுதல் விரிவைச் சேர்த்துக்கொள்ள மறக்கக் கூடாது.

எதை முதலில் செய்வது

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பது அளவீட்டால் முடிவாக வேண்டியது. முகத்தின் அகலத்தை 512-இலிருந்து 128-ஆகக் குறைத்துப் பார்க்கும்போது நிழல் சுற்றின் நேரம் மாறாமலிருந்தால், சுமை டெக்செல்களில் இல்லை. செயலியின் நேரம் குறைவாகவும் மையச் செயலியின் நேரம் மிகுதியாகவும் இருந்தால் சுமை ஆணைகளில் இருக்கிறது. மறுதலையாக இருந்தால் முக்கோணங்களில் இருக்கிறது. ஆணைச் சுமைக்குச் சுற்றுகளை இணைப்பது மருந்து. முக்கோணச் சுமைக்கு அது மருந்தாகாது, முகச் சோதனையே மருந்து. டெக்செல் சுமைக்கு ஆழத்தை மட்டும் எழுதுவதும் தொலைவுக்கேற்ப முகத்தின் அளவைக் குறைப்பதும் மருந்து.

வரிசையாகச் சொன்னால், பொருளுக்கு உரிய முகங்களைக் கண்டறிவது முதலில் வர வேண்டும். அது எல்லா விளக்குகளுக்கும், நகர்வனவற்றுக்கும்கூட, பயன்படுகிறது, படத்தின் தரத்தில் எதையும் இழப்பதில்லை. அதற்கு அடுத்து, நிலையான விளக்குகளுக்குச் சேமிப்பு வர வேண்டும். சுற்றுகளை ஒன்றாக்குவது இவ்விரண்டுக்கும் பிறகு எஞ்சும் ஆணைச் செலவுக்காகவே. வீழலின் வடிவத்தை மாற்றுவது கடைசியில் நிற்கிறது. ஏனெனில் மற்ற வழிகள் வீணாகும் வேலையை நீக்குகின்றன, அதுவோ நிழலின் துல்லியத்தை விலையாகக் கேட்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் எளிதாகத் தீராமல் எஞ்சுவது, அசையும் பொருள்கள் நிறைந்த இடத்தில் தானும் அசையும் விளக்கு, ஒருவர் கையில் ஏந்திச் செல்லும் தீப்பந்தத்தைப் போன்றது. அதற்கு ஃபிரேம்தோறும் 378 வரைவுகளின் செலவு உண்டு. அத்தகைய விளக்குகளை ஒரு காட்சியில் எத்தனை வைக்கலாம் என்பதைக் காட்சியை அமைப்பவரும் நிரலாளரும் சேர்ந்தே முடிவுசெய்ய வேண்டும்.